நிருபரின் குறிப்பேடு யாருக்குச் சொந்தம்?

கடந்த வருடம் முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒரு கிராமத்தில், தன் மகனைப் பதினைந்து வருடங்களுக்கும் மேலாகத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு தாயின் வீட்டுக்குப் போயிருந்தேன். கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “தம்பி, இண்டைக்கு நீங்கள் ஆரின்ர வேலையா வந்தனீங்கள்?”

அந்தக் கேள்வியில் கோபம் இருக்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். முதலில் அவர் என்னைப் பார்த்தது ஒரு பத்திரிகையின் பிராந்திய நிருபராக. பின்னர் ஓர் அரச சார்பற்ற நிறுவனத்தின் அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போனேன். இந்த முறை ஓர் ஆய்வுக்குழுவின் கள ஆய்வாளராக, கையில் சம்மதப் படிவத்தோடு போயிருந்தேன். “மூண்டு தரமும் நான் சொன்னது ஒரே கதைதான். நீங்கள் எழுதினதில பேப்பரில வந்தது மட்டும்தான் என்ர கையில இருக்கு” என்றார்.

செய்தி அறைகள் சுருங்கும்போது ஊடகவியலாளர்கள் எங்கே போகிறார்கள் என்ற பேச்சு கொழும்பில் நடக்கும்போது அது பெரும்பாலும் தொழில் பற்றிய பேச்சாகவே இருக்கிறது. தொடர்பாடல் அதிகாரியாகலாம், ஆய்வு உதவியாளராகலாம், மொழிபெயர்க்கலாம், பயிற்சி கொடுக்கலாம் என்று பட்டியல் நீள்கிறது. அது தவறில்லை. ஆனால் வடக்கு கிழக்கில் ஒரு நிருபர் துறை மாறும்போது அவரோடு சேர்ந்து இன்னொன்றும் கை மாறுகிறது. அவரை நம்பி மக்கள் சொன்ன கதைகளும், அவரது தொலைபேசியில் உள்ள இலக்கங்களும், எந்த வீட்டுக் கதவை எந்த நேரத்தில் தட்டலாம் என்ற அறிவும் அவரோடு போகின்றன. அவரை வேலைக்கு எடுக்கும் நிறுவனம் உண்மையில் விலை கொடுப்பது இதற்குத்தான். இதை மாற்றுபவரும் சரி, கதை சொன்னவரும் சரி, போதுமான அளவு யோசிப்பதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

ஏன் வெளியேறுகிறார்கள்

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி பத்திரிகைகளை இரண்டு பக்கத்தாலும் தாக்கியது. பத்திரிகைத் தாள் வெளிநாட்டிலிருந்து டொலரில் வாங்கப்படுவது. சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 360 ரூபாய் வரை போனது. அதே மாதங்களில் வியாபாரம் படுத்ததால் விளம்பரமும் இல்லாமல் போனது. அந்த மார்ச் மாதத்தில், தாள் தட்டுப்பாட்டினால் ‘த ஐலண்ட்’, ‘திவயின’ ஆகிய கொழும்பு நாளிதழ்களே அச்சடிப்பதை நிறுத்திவைத்து, இணையத்தில் மட்டும் வெளியிடப்போவதாக அறிவிக்கும் நிலை வந்தது. தமிழ்ப் பத்திரிகைகளில் பக்கங்கள் குறைந்தன, விலை ஏறியது. ஏறிய விலைக்கு வாசகர்கள் வீட்டில் பேப்பர் எடுப்பதைக் குறைத்து முகநூலிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் வாசிக்கத் தொடங்கினார்கள். நெருக்கடி தணிந்த பின்னரும் அவர்களில் பலர் திரும்பி வரவில்லை.

பக்கம் குறையும்போது முதலில் அடிபடுபவர் தலைமை அலுவலகத்தில் மாதச் சம்பளம் வாங்குபவர் அல்ல, பிராந்திய நிருபர்தான். ஏனென்றால் அவருக்குப் பெரும்பாலும் சம்பளமே இல்லை. பிரசுரமாகும் செய்திக்கும் படத்துக்கும் எண்ணிக்கைப்படி கொடுப்பனவு. பக்கம் பாதியானால் கொடுப்பனவும் தானாகவே பாதியாகிவிடும், யாரும் அவரை வேலையிலிருந்து நிறுத்த வேண்டிய தேவையே இல்லை. நியமனக் கடிதம் இல்லாததால் ஊழியர் சேமலாப நிதிக்கு நிறுவனம் செலுத்த வேண்டிய 12 வீதமும் இல்லை, ஊழியர் நம்பிக்கை நிதிக்குச் செலுத்த வேண்டிய 3 வீதமும் இல்லை. நான் நிருபராக இருந்த கடைசி வருடத்தில் ஒரு நல்ல மாதத்தில் கிடைத்தது மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடிக்கவும் தொலைபேசிக்கு டேட்டா போடவும் போதுமாக இருந்தது. வீட்டை நடத்தியது மனைவியின் ஆசிரியர் சம்பளம்.

அதனால் வெளியேறியவர்களைக் குறை சொல்ல இடமில்லை. கொலைகளும் கைதுகளும் நடந்த காலத்தில் களத்தில் நின்றவர்கள் பலர் பெற்றோல் கணக்குக்குத் தோற்றுப் போனார்கள் என்பதுதான் உண்மை.

வேலையின் விலை: ஒரு கணக்கு

வெளியேறும் நிருபருக்குப் பெரும்பாலும் முதலில் கிடைப்பது நிரந்தர வேலையல்ல, குறுகிய கால ஆலோசகர் ஒப்பந்தம். பணிக்குறிப்பு ஒன்று மின்னஞ்சலில் வரும். களத்தில் எல்லோரும் அதை ‘ரி.ஓ.ஆர்.’ என்பார்கள். எனக்கு வந்த முதலாவது ஒப்பந்தத்தை அப்படியே சொல்கிறேன். யுத்தத்தில் பாதிக்கப்பட்ட பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் பத்தின் கதைகளை எழுத வேண்டும். ஒவ்வொன்றும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு பக்கம். 15 வேலை நாட்கள். மொத்தக் கட்டணம் 180,000 ரூபாய், போக்குவரத்தும் அதற்குள்ளேயே.

நாளொன்றுக்கு 12,000 ரூபாய். மாதம் முழுவதும் ஓடினாலும் கையில் எதுவும் மிஞ்சாத எனக்கு அது பெரிய தொகையாகத் தெரிந்தது. உடனே கையெழுத்துப் போட்டேன்.

வேலை முடிந்த பின்னர்தான் நாட்களை எண்ணிப் பார்த்தேன். குடும்பங்களைத் தேடி, முதலில் சும்மா போய்க் கதைத்துவிட்டு வருவதற்கு இரண்டு நாள். ஒரு நாளைக்கு இரண்டு பேர் என்றால் நேர்காணலுக்கு ஐந்து நாள். அதற்கு மேல் செய்தால் மூன்றாவது ஆளின் கதையை நாம் காது கொடுத்துக் கேட்பதில்லை. பத்து மணித்தியால ஒலிப்பதிவு சேர்ந்தது. ஒரு மணித்தியாலப் பேச்சைச் சொல்லுக்குச் சொல் தட்டச்சு செய்ய ஐந்து மணித்தியாலம் பிடிக்கும். ஆக அதற்கு மட்டும் 50 மணித்தியாலம், ஆறு நாளுக்கு மேல். தமிழில் எழுத ஐந்து நாள். எழுதியதைத் திரும்பக் கொண்டுபோய் அவர்களுக்கு வாசித்துக் காட்ட மூன்று நாள். ஆங்கிலத்துக்கு நான்கு நாள். கொழும்பிலிருந்து வந்த திருத்தங்களுக்கு மூன்று நாள். கூட்டினால் 28 நாள். பெற்றோலுக்கும் சாப்பாட்டுக்கும் போன 15,000 ரூபாயைக் கழித்தால் நாளொன்றுக்கு 6,000 ரூபாய்கூட வரவில்லை.

பணம் வந்த விதமும் அப்படித்தான். கையெழுத்துப் போட்டதும் 20 வீதம், முதல் வரைவுக்கு 40 வீதம், இறுதி வரைவு ‘ஏற்றுக்கொள்ளப்பட்ட’ பின்னர் 40 வீதம். இறுதி வரைவை யார் ஏற்றுக்கொள்வது, எத்தனை நாளுக்குள், எத்தனை தரம் திருத்தச் சொல்லலாம் என்று எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. கடைசி 72,000 ரூபாய் கைக்கு வர நான்கு மாதம் எடுத்தது. 2023 முதல், தனிநபருக்குச் செலுத்தும் சேவைக் கட்டணம் மாதத்தில் 100,000 ரூபாயைத் தாண்டினால் 5 வீதம் நிறுத்திவைத்தல் வரியாகப் பிடிக்கப்படுகிறது என்பதும் பலருக்குப் பணம் குறைந்து வரும்போதுதான் தெரியவருகிறது. ஆண்டு வருமானம் வரி எல்லைக்குக் கீழே இருந்தால் அதைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் வரி இலக்கமும் பிடித்ததற்கான சான்றிதழும் கையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது ஒப்பந்தம் வந்தபோது இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அனுப்பினேன். பத்துக் கதை வேண்டுமென்றால் 28 நாள், 15 நாள் என்றால் ஆறு கதை, ஆங்கில மொழிபெயர்ப்பு தனியாக, திருத்தம் இரண்டு தடவைக்கு மேல் இல்லை, இறுதி வரைவு கொடுத்து 30 நாளுக்குள் பணம். ஏழு கதைக்கும் தனி மொழிபெயர்ப்பாளருக்கும் ஒத்துக்கொண்டார்கள். கேட்டால் கிடைக்கும் என்பதல்ல நான் சொல்ல வருவது. கொழும்பில் இருந்து பணிக்குறிப்பு எழுதுபவருக்குப் பல வேளைகளில் களத்தில் ஒரு கதைக்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று தெரியாது. அதைத் தெரிந்தவர் நாம்தான். அதைச் சொல்லாவிட்டால் குறையும் நாட்கள் எங்கிருந்து வெட்டப்படும் என்பதையும் யோசிக்க வேண்டும். முதலில் வெட்டப்படுவது அந்த மூன்று நாட்கள்தான்: எழுதியதை உரியவருக்கு வாசித்துக் காட்டும் நாட்கள்.

மூன்று வேலை, மூன்று எஜமானர்

செய்தி, தொடர்பாடல், ஆய்வு மூன்றிலும் செய்வது ஒன்றுபோலவே தெரியும். போய்க் கேட்கிறோம், எழுதுகிறோம். ஆனால் ஒரு விடயத்தில் மூன்றும் அடியோடு வேறு. எதை வெளியிடக்கூடாது என்று முடிவெடுப்பவர் யார்?

பத்திரிகையில் அந்த முடிவு ஆசிரியருடையது. அவர் பயத்தால் வெட்டலாம், விளம்பரத்துக்காக வெட்டலாம். ஆனாலும் வாசகருக்கு எது தெரிய வேண்டும் என்ற கேள்வி அந்த மேசையில் இருக்கிறது.

தொடர்பாடல் வேலையில் அந்த முடிவு நிறுவனத்துடையது. அது ஏமாற்று வேலை அல்ல, அந்த வேலையின் இயல்பு அது. நான் எழுதிய ஒரு கதையில், கிடைத்த தையல் இயந்திரம் மூன்று மாதத்தில் பழுதாகிவிட்டது, திருத்த ஆள் இல்லை என்று அந்தப் பெண் சொன்னதை எழுதியிருந்தேன். திருத்தி வந்த பிரதியில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பழுதான கதையை எழுதத்தான் வேண்டும் என்று நான் அடம்பிடிக்கவில்லை. ஆனால் ஓடாத இயந்திரம் ஓடுவதாக எழுத முடியாது, அந்தப் பந்தியையே எடுத்துவிடுங்கள் என்றேன். எடுத்தார்கள். தொடர்பாடலுக்குப் போகும் ஊடகவியலாளர் போட்டுக்கொள்ள வேண்டிய கோடு எனக்கு இங்கேதான் தெரிகிறது. சொல்லாமல் விடுவதற்கு நிறுவனத்துக்கு உரிமை உண்டு. சொல்லாததைச் சொன்னதாக எழுத யாருக்கும் உரிமையில்லை.

அதோடு சேர்ந்த இன்னொரு கோடும் உண்டு. எந்தத் திட்டத்துக்காகக் காசு வாங்குகிறோமோ அந்தத் திட்டத்தைப் பற்றி அதே காலத்தில் பத்திரிகையில் நிருபராக எழுதக்கூடாது. ஊரில் இது தாராளமாக நடக்கிறது. காலையில் நிறுவனத்தின் ஊடக அறிக்கையை எழுதியவரே மாலையில் அதைத் தன் பெயரில் செய்தியாக அனுப்புகிறார். வாசகருக்கு அது விளம்பரம் என்று தெரிவதற்கு வழியே இல்லை.

ஆய்வில் நிலைமை வேறு. அங்கே முடிவெடுப்பது முறையியல் என்று சொல்வார்கள். நிருபருக்கு இது பழகக் கொஞ்சம் காலம் எடுக்கும். செய்திக்குப் போனால் நன்றாகக் கதைக்கக்கூடியவரைத் தேடுவோம். பத்துப் பேரில் ஒருவர் சொன்ன ஒரு வரி தலைப்பாகும். ஆய்வில் அந்தப் பத்துப் பேரிடமும் ஒரே கேள்வியை ஒரே ஒழுங்கில் கேட்க வேண்டும். கதைக்காதவரும் கணக்கில் வர வேண்டும். எத்தனை பேர் மறுத்தார்கள், ஏன் என்றும் எழுத வேண்டும். நான் முதலாவது ஆய்வுக்குப் போனபோது எனக்குத் தெரிந்த, போராட்டக் கொட்டகையில் அடிக்கடி பார்த்த தாய்மாரின் பெயர்களையே பட்டியலில் போட்டேன். குழுவின் பொறுப்பாளர் கேட்டார், கொட்டகைக்கு வராதவர்கள் எங்கே? வராமல் இருப்பதற்கு அவர்களுக்கு ஒரு காரணம் இருக்கும், அதுவும் ஆய்வில் வர வேண்டுமே. பத்து வருடம் அந்த மக்களைப் பற்றி எழுதிய எனக்கு அந்தக் கேள்வி ஒரு நாளும் வந்ததில்லை.

சம்மதம் ஒன்றல்ல

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். பத்திரிகைக்குக் கதைத்தபோது அவருக்கு ஒரு நோக்கம் இருந்தது. மகனின் பெயர் வர வேண்டும், படம் வர வேண்டும், யாராவது பார்த்துத் தகவல் தர வேண்டும். பகிரங்கமாக இருப்பதுதான் அவர் கேட்டது. ஆய்வில் இதற்கு நேர்மாறாக, பெயர் வராது, ஊர் வராது என்று நாம் உறுதி கொடுக்கிறோம். தொடர்பாடலில் பெயரும் படமும் வரும், ஆனால் அதைப் பார்க்கப்போவது வெளிநாட்டில் உள்ள கொடையாளர்.

ஒரு வேலைக்குக் கிடைத்த சம்மதத்தை இன்னொரு வேலைக்குக் கொண்டுபோவதுதான் இந்தத் துறைமாற்றத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. தொலைபேசியில் ஏற்கெனவே படம் இருக்கிறது, குறிப்பேட்டில் கதை இருக்கிறது, அறிக்கைக்கு நாளைக்குத்தான் கடைசி நாள். எடுத்துப் போட்டுவிடுகிறோம்.

பெயரை மாற்றிவிட்டால் போதும் என்பதும் சரியல்ல. ‘வன்னியைச் சேர்ந்த ஒரு தாய்’ என்று எழுதினால் யாரென்று தெரியாது. ‘மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த, வட்டுவாகல் பாலத்தடியில் மருமகனைக் கையளித்த, இப்போது இன்ன சந்தியில் அப்பம் சுட்டு விற்கும் தாய்’ என்று எழுதினால், பெயர் இல்லாவிட்டாலும் ஊரில் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து விசாரிக்கும் புலனாய்வாளருக்கும் தெரியும். எனக்கு உதவும் ஒரு சோதனை இருக்கிறது: அதே பிரதேச செயலகப் பிரிவில் இருக்கும் ஒருவரிடம் அந்தப் பந்தியை வாசித்துக் காட்டி, இது யாரென்று தெரிகிறதா என்று கேட்பதாக மனதில் நினைத்துப் பார்ப்பேன். அவர் பெயர் சொல்வார் என்றால் இரண்டு விபரத்தையாவது எடுத்துவிட வேண்டும்.

நிறுவனங்களின் கடதாசி வேலைகளில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. நிருபரின் குறிப்பேட்டில் முதலெழுத்து மட்டும் இருக்கும், நமக்கு மட்டும் விளங்கும். கூட்டம் ஒன்று நடத்தினால் நிறுவனத்துக்கு வருகைப் பதிவேடு வேண்டும். பெயர், விலாசம், தேசிய அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், கையொப்பம். கணக்காய்வுக்காக அதன் பிரதிகள் இரண்டு மூன்று அலுவலகங்களுக்குப் போகும். யுத்த காலத்தில் பட்டியல்கள் எதற்குப் பயன்பட்டன என்று நம் மக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தேநீருக்கும் பஸ் காசுக்கும் கணக்குக் காட்டுவதற்கான பதிவேட்டில் அடையாள அட்டை இலக்கம் எதற்கு என்று கேட்க வேண்டியவர், அந்த மக்களை அங்கே அழைத்து வந்த முன்னாள் நிருபர்தான். பல இடங்களில் கேட்டபோது அந்த நிரலை எடுத்துவிட்டார்கள்.

ஒப்பந்தத்தின் அந்த ஒரு வரி

ஏறக்குறைய எல்லா ஒப்பந்தங்களிலும் ஒரு வரி இருக்கும்: இந்தப் பணியின்போது சேகரிக்கப்படும் ஒலிப்பதிவுகள், படங்கள், குறிப்புகள், மூலத் தரவுகள் அனைத்தும் நிறுவனத்தின் சொத்து. நான் மூன்று ஒப்பந்தங்களில் அதை வாசிக்காமலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நான்காவதில் ஒரு நண்பர் சுட்டிக்காட்டினார். அந்த வரியின்படி அந்தத் தாயின் குரல் எனக்கும் சொந்தமில்லை, அவருக்கும் சொந்தமில்லை.

திட்டம் முடிந்ததும் அந்த ஒலிப்பதிவுகள் எங்கே போகின்றன என்பதும் யாருக்கும் தெரியாது. 2025 ஜனவரியில் அமெரிக்கா தனது வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தபோது, அந்த நிதியில் உலகெங்கும் ஓடிக்கொண்டிருந்த திட்டங்கள் நடுவழியில் நின்றன. செய்தி அறையில் வேலை இல்லை என்று திட்டங்களுக்குப் போனவர்கள் பலர் இரண்டாவது முறையாக வேலை இழந்தார்கள். ‘பக்கத்துத் துறை’ என்று நாம் நினைப்பதும் செய்தி அறையைப் போலவே இன்னொருவரின் காசில் நிற்பது என்பது அப்போது வெளிப்பட்டது. ஆனால் மக்களிடம் எடுத்த பதிவுகளின் கதி பற்றி அந்த நேரத்தில் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. திட்டமும் இல்லை, அலுவலகமும் இல்லை, கணினியில் மட்டும் கதைகள் இருக்கின்றன.

இப்போது நான் ஒப்பந்தத்தில் நான்கு விடயங்களை எழுதச் சொல்லிக் கேட்கிறேன். முதலாவது, இந்தப் பணிக்கு முன்னர் நான் நிருபராக எடுத்த குறிப்புகளும் படங்களும் இதில் அடங்காது. இரண்டாவது, இந்தப் பதிவுகளை வேறொரு திட்டத்துக்கோ அறிக்கைக்கோ பயன்படுத்துவதென்றால் உரியவரிடம் மீண்டும் கேட்க வேண்டும். மூன்றாவது, பெயர்ப் பட்டியல் ஒலிப்பதிவோடு சேர்த்து வைக்கப்படக்கூடாது, குறித்த ஒரு திகதிக்குப் பின்னர் அழிக்கப்பட வேண்டும். நான்காவது, முடிந்த கதையின் தமிழ்ப் பிரதி ஒன்று அதைச் சொன்னவரின் கைக்குப் போக வேண்டும், அவருக்கு அது வீட்டில் இருப்பது ஆபத்தில்லை என்றால்.

நான்கையும் எல்லோரும் ஏற்பதில்லை. இரண்டாவதுக்கும் நான்காவதுக்கும் பெரிதாக எதிர்ப்பு வருவதில்லை. முதலாவதை வாய்வார்த்தையாக ஒத்துக்கொள்வார்கள், எழுத்தில் தரத் தயங்குவார்கள். அப்படியானால் மின்னஞ்சலில் நான் எழுதி அனுப்பிவிடுவேன், ‘நாம் கதைத்தபடி’ என்று தொடங்கி. பின்னர் பிரச்சினை வந்தால் அதுவாவது இருக்கும்.

ஆய்வென்றால் இன்னொன்றையும் முதலிலேயே கேட்க வேண்டும்: அறிக்கையில் என் பெயர் எங்கே வரும்? ஆட்களைத் தேடி, கேள்விகளைத் தமிழுக்கு மாற்றி, நேர்காணல் செய்து, அதன் பொருளையும் விளக்கியவரின் பெயர் பல அறிக்கைகளில் நன்றி சொல்லும் பக்கத்தில், சாரதியின் பெயருக்கு மேலே வரும். சில வேளைகளில் பாதுகாப்புக்காகப் பெயர் வராமல் இருப்பதே நல்லது. ஆனால் அந்த முடிவு நம்முடையதாக இருக்க வேண்டும்.

நீதிமன்றத்தில் யார் இருப்பார்கள்?

கடைசியாக, மாவட்டம் எதை இழக்கிறது என்ற கேள்வி.

2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்து இறந்ததாகவே அதிகாரத் தரப்பு சொன்னது. பிராந்திய ஊடகவியலாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்து ‘சுடர் ஒளி’யில் வெளியான படங்கள், அவர்கள் சுடப்பட்டிருந்ததைக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பின்னர் அந்தப் படுகொலை பற்றி எத்தனையோ அறிக்கைகள் வந்துவிட்டன. அவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது அன்று அங்கே போய்ப் படம் எடுத்த ஓர் உள்ளூர் நிருபரின் வேலை.

இப்போதைய உதாரணம் கொக்குத்தொடுவாய். 2023 ஜூன் இறுதியில் நீர்க்குழாய் பதிக்க வெட்டியபோது மனித எச்சங்கள் வெளிவந்தன. முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் அகழ்வு 2024 ஜூலை வரை கட்டம் கட்டமாக நடந்து, 52 எலும்புக்கூடுகள் மீட்கப்பட்டன. முதல் நாள் கமெராக்கள் நிறைய வந்தன. பிறகு வந்தது தவணை, தவணை, மேலும் தவணை. நிதி வரவில்லை என்று ஒரு தவணை, அறிக்கை வரவில்லை என்று இன்னொரு தவணை. அந்த ஒவ்வொரு தவணையிலும் நீதிமன்ற வாங்கிலில் உட்கார்ந்து எழுதியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய பிராந்திய நிருபர்கள். 2025இல் யாழ்ப்பாணம் செம்மணி – சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தபோதும் நாளாந்த எண்ணிக்கையை மக்களுக்குச் சொன்னவர்கள் அங்கே வெயிலில் நின்றவர்கள்தான்.

ஆய்வு அறிக்கைகளின் அடிக்குறிப்புகளைப் பார்த்தால் இது விளங்கும். எந்தத் திகதியில் என்ன நடந்தது என்பதற்கு அங்கே கொடுக்கப்பட்டிருக்கும் ஆதாரம் பெரும்பாலும் ஒரு நாலு பந்திச் செய்தி. அதை எழுதியவருக்குக் கிடைத்தது சில நூறு ரூபாய். அவரும் வெளியேறி ஆய்வாளராகிவிட்டால், அடுத்த அறிக்கையின் அடிக்குறிப்பில் எதைப் போடுவது?

இதற்கு வெளியேறியவர்களைத் திரும்பிப் போகச் சொல்வது விடையல்ல. ஆனால் வெளியேறியவரால் ஒன்றையாவது விடாமல் வைத்திருக்க முடியும். எனக்குத் தெரிந்த ஒருவர் முழுநேரமாக ஒரு நிறுவனத்தில் தொடர்பாடல் வேலை செய்கிறார். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதே, தான் பல வருடமாகப் பின்தொடரும் ஒரு காணி வழக்கின் தவணை நாட்களில் சம்பளமில்லா விடுமுறை வேண்டும், அந்த வழக்கு நிறுவனத்தின் வேலைக்குத் தொடர்பில்லாதது, அதைப் பற்றித் தன் பெயரில் எழுதுவேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார். வருடத்தில் ஆறு ஏழு நாள்தான். அந்த வழக்கைப் பற்றி இன்று வரை ஒழுங்காக எழுதிவருபவர் அவர் ஒருவரே.

நிறுவனங்களாலும் ஒன்று செய்ய முடியும். கள ஆய்வுக்கு ஆள் தேடும்போது மாவட்டத்தின் கடைசி நிருபரை முழுநேரமாகப் பிடுங்கிக்கொள்வதற்குப் பதிலாக, நாட்கணக்கில் வேலையைக் கொடுத்து, மிகுதி நாட்களில் அவர் செய்தியாளராகவே இருப்பதை ஒப்பந்தத்திலேயே ஏற்றுக்கொள்ளலாம். அது அவர்களுக்கும் இலாபம்தான். நாளைக்கு அவர்கள் மேற்கோள் காட்டப்போவது அவரது செய்தியைத்தானே.

அந்தத் தாயிடம் அன்று நான் யாருடைய வேலையாக வந்தேன் என்பதைச் சொன்னேன். காசு யார் தருகிறார்கள், எதற்காகக் கேட்கிறார்கள், பெயர் வராது, இதனால் மகனைப் பற்றித் தகவல் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம், விருப்பமில்லாவிட்டால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விடுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “பேர் வராதெண்டால் என்னத்துக்குத் தம்பி நான் சொல்ல வேணும்?” என்று கேட்டார். என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். மறுத்தவர்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டி, அதற்கு நேரே அவர் சொன்ன காரணத்தையும் எழுதினேன்.